எட்டுக்குப் பத்து அறை: சிங்கப்பூரில் காமன் ரூமை நம் வீடாக்கும் முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் நான் முதலில் தங்கிய காமன் ரூம், அதாவது குளியலறையை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் வாடகை அறை, உட்லண்ட்ஸில். ஊரிலிருந்து கொண்டு வந்த பெரிய பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மூன்று மாதம் தொடவில்லை. பொங்கலுக்குக் கட்டலாம் என்று திறந்தபோது பட்டு வேட்டியில் சாம்பல் நிறப் புள்ளிகள், தோல் செருப்பின் மேல் பச்சையாகப் பூஞ்சணம், சான்றிதழ் வைத்திருந்த ஃபைலில் ஈர வாடை. அக்கா கல்யாணத்தில் அப்பா கட்டிய வேட்டி அது. கறை கடைசிவரை போகவே இல்லை.

அதிலிருந்து யார் புதிதாக அறை எடுத்தாலும் நான் முதலில் பேசுவது ஈரத்தைப் பற்றித்தான். திரைச்சீலை, விளக்கு, சுவரில் படம் எல்லாம் அதற்கு அப்புறம். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். வெயிலில் காய வைக்க முற்றம் கிடையாது, மொட்டை மாடி கிடையாது. எட்டடிக்குப் பத்தடி அறைக்குள் உடை, புத்தகம், சாமி படம், செருப்பு எல்லாம் மூச்சு முட்டாமல் இருந்தால்தான் நாமும் அங்கே நிம்மதியாகத் தூங்க முடியும்.

போன வருடம் என் சித்தி மகன் வேலைக்கு வந்தான். யீஷூனில் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடு ஒன்றில் காமன் ரூம் கிடைத்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வார இறுதியில் எப்படிச் சரிசெய்தோம் என்பதை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். உங்கள் அறையின் அளவு மாறலாம், செய்யும் வரிசை மாறாது.

பெட்டியைத் திறக்கும் முன்

சாவி கையில் கிடைத்த அன்றே, ஒரு பொருளையும் எடுத்து வைக்கும் முன்பு, காலி அறையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவர், கூரை மூலைகள், அலமாரியின் உள்பக்கம், மெத்தையின் இரண்டு பக்கம், ஏசிக்குக் கீழே உள்ள சுவர். எடுத்த படங்களை அன்றைக்கே வீட்டு ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் பழைய கறைக்கு டெபாசிட்டில் பிடிக்காமல் இருக்க இது போதும்.

மெத்தையைப் படம் எடுக்கும்போதே அதன் தையல் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்க வாய்ப்பு அதிகம். பெட்டியைத் திறக்காமலே ஓனரிடம் சொல்லிவிடுங்கள். திறந்த பிறகு சொன்னால் பூச்சி யார் கொண்டு வந்தது என்ற பேச்சு வரும்.

அப்புறம் கேட்க வேண்டியவை: சாமான்களை இடம் மாற்றலாமா, சுவரில் ஒட்டலாமா, ஏசி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, துணி எங்கே காயப்போடுவது. யீஷூன் வீட்டு ஓனர் ஆன்ட்டி எங்களிடம் சொன்னது: “அலமாரிய எங்க வேணா நகத்திக்கோங்க தம்பி, செவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க. ஏசி நைட்டு ஒம்பதுலேர்ந்து காலைல ஏழு வரைக்கும்.” இந்த ஒரு பதிலை வைத்தே முழு அறையையும் திட்டமிட்டோம்.

குளிர்ந்த சுவர் எது?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்த தண்ணீர் பாட்டில் வியர்க்கும் இல்லையா? சுவரும் அலமாரியும் அதே போலத்தான் வியர்க்கும். சிங்கப்பூர்க் காற்று சுமார் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பில் பட்டாலும் அதில் ஈரம் படியத் தொடங்கும். பக்கத்து அறையில் இருப்பவர் இரவு முழுக்க ஏசியை 18-இல் வைத்துத் தூங்கினால், நடுவில் இருக்கும் சுவர் உங்கள் பக்கமும் குளிர்ந்துவிடும். அந்தச் சுவரை ஒட்டி அலமாரி நின்றால், அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று ஓடாது, வந்த ஈரம் காயாது. பூஞ்சணம் அங்கேதான் முதலில் வரும். அலமாரியை நகர்த்தும்வரை உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

கண்டுபிடிப்பது சுலபம். காலை ஆறு மணி வாக்கில், இடுப்பு உயரத்தில் உள்ளங்கையை ஒவ்வொரு சுவராக வைத்துக்கொண்டே போங்கள். ஒன்று மட்டும் சில்லென்று இருக்கும். தம்பியின் அறையில் அது இடது சுவர். அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு வாடகைக்காரர். ஓனர் வைத்திருந்த அலமாரி சரியாக அந்தச் சுவரில்தான் ஒட்டி நின்றது.

கூடவே ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி வாங்கிக்கொள்ளுங்கள், விலை சில வெள்ளிதான். மலிவான மானி நாலைந்து சதவீதம் தவறாகக் காட்டக்கூடும் என்பதால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் உப்புப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் மானியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து மூடி, ஓர் இரவு விடுங்கள். உப்பு உள்ளே இருக்கும் காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும். மானி 79 காட்டினால் உங்கள் மானி நாலு கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம். அதைக் கழித்துப் படியுங்கள்.

மானியை மேசை மேல் வைத்துப் பயனில்லை. அலமாரியின் அடித்தட்டில், பின் மூலையில் வையுங்கள். அங்கே 70-க்கு மேல் நாள் கணக்கில் நின்றால் பூஞ்சணம் வருவதற்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். தம்பியின் அலமாரியில் முதல் வாரம் 81 இருந்தது.

கட்டில், அலமாரி, மேசை

அறை 300 செ.மீ நீளம், 250 செ.மீ அகலம். கதவு ஒரு குட்டைச் சுவரின் வலது ஓரத்தில், உள்ளே வலது பக்கமாகத் திறக்கும். எதிர்ச் சுவரில் ஜன்னல், அது மேற்குப் பார்த்தது. வலது சுவருக்கு அந்தப் பக்கம் ஹால், அங்கே ஏசி கிடையாது.

அலமாரியை வலது சுவருக்குக் கொண்டு வந்தோம். கதவு திறக்க 80 செ.மீ விட்டுவிட்டு, அடுத்த 100 செ.மீ-இல் 60 செ.மீ ஆழ அலமாரி, அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் 5 செ.மீ இடைவெளி. அதைத் தாண்டி ஜன்னல் பக்கம் 80 செ.மீ அகல மேசை. கட்டிலை இடது சுவர்ப் பக்கம் போட்டோம், ஆனால் ஒட்டவில்லை. ஒரு கை நுழையும்படி 10 செ.மீ தள்ளி. கட்டிலுக்கு அடியிலும் ஓரத்திலும் காற்று ஓடும் என்பதால் குளிர்ந்த சுவர்ப் பக்கம் இருப்பதற்கு அதுதான் ஏற்ற சாமான். இங்கே சிங்கிள் கட்டில் மெத்தை 91 செ.மீ அகலம். கணக்குப் போட்டால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் 84 செ.மீ நடைபாதை கிடைக்கிறது. அலமாரிக் கதவு 50 செ.மீ திறந்தாலும் ஆள் நிற்கலாம். சாமானைத் தூக்கும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிடுங்கள். கதவும் அலமாரிக் கதவும் முட்டிக்கொள்வதுதான் இந்த அளவு அறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

தலைமாட்டைக் கதவுப் பக்கச் சுவரில் வைத்தோம். ஜன்னலுக்குக் கீழே தலை வைத்தால் விடியற்காலை மழைக்காற்றில் தலையணை நனைந்துவிடும். கதவுப் பக்கம் கிழக்கு என்பதால் சித்தியும் திருப்தி. வீடியோ காலில் அவர் கேட்ட முதல் கேள்வியே, “வடக்க தல வச்சிப் படுக்கலல்ல?” என்பதுதான்.

கட்டிலுக்கு அடியில் என்ன வைக்கலாம்? அடிக்கடி எடுப்பதை மட்டும், சக்கரம் வைத்த திறந்த தட்டில். தினமும் இழுக்கும் பொருளில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. பெரிய பெட்டியை அலமாரிக்கு மேலே ஏற்றுங்கள். கூரைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விடுங்கள். சான்றிதழ்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஏசி ஓடும் இரவில் வைத்து மூடுங்கள். பகலில் மூடினால் ஈரக் காற்றையும் சேர்த்துத்தான் பூட்டுகிறோம்.

அலமாரிக்குள்

ஒரு மீட்டர் கம்பியில் 25 சட்டை வரை தொங்கவிடலாம். ஒரு சட்டைக்கு 4 செ.மீ. அதற்கு மேல் திணித்தால் துணிக்கு நடுவில் காற்றுப் போகாது. மீதி உடைகளை மடித்துத் தட்டில் வையுங்கள், ஆனால் பின் பலகையை ஒட்டாமல். ஒருமுறை போட்ட, இன்னும் துவைக்காத சட்டையைத் திரும்ப உள்ளே மாட்டவே கூடாது. வியர்வை ஈரமும் அழுக்கும் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. அதற்கென்று அறைக் கதவின் பின்னால் இரண்டு கொக்கி வைத்துவிடுங்கள். நாற்காலி மேல் துணி குவியும் பழக்கமும் அதோடு நின்றுவிடும். அறை ஒழுங்காகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அந்த இரண்டு கொக்கிதான் என்பேன்.

இப்போது முக்கியமான வழக்கம். இரவு ஏசி போட்டதும் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்துக் குழாய் வழியாக வெளியே சொட்டவிடுகிறது. அந்தக் காய்ந்த காற்று துணிக்குள்ளும் போகட்டும். காலையில் ஏசியை நிறுத்தியதும் முதலில் அலமாரியை மூடுங்கள். மின்விசிறியை ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்து ஜன்னலைத் திறங்கள். ஏசியை அணைத்த கையோடு ஜன்னலைத் திறந்தால், குளிர்ந்து கிடக்கும் சுவரிலும் மேசையிலும் வெளிக்காற்று வந்து வியர்த்துவிடும். ஏசியை 25-இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓட விடுங்கள். 18-இல் வைப்பதற்கும் இதற்கும் மின்கட்டணத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை, சுவர் அவ்வளவாகக் குளிராது என்பதே பெரிய லாபம்.

தம்பி இதை மூன்று வாரம் விடாமல் செய்தான். அலமாரி மூலையில் மானி 66, 67 என்று நின்றது.

பேரங்காடியில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். உள்ளே இருக்கும் வெள்ளை மணிகள் கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுத்து, கரைந்து, அடியில் தண்ணீராக நிற்கும். மூடிய அலமாரிக்குள் இது நன்றாக வேலை செய்யும். திறந்த அறையில் வைத்தால் வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும் ஈரத்துக்கு அது ஈடுகொடுக்காது. அந்தத் தண்ணீர் தோல் பொருளையும் இரும்பையும் கெடுக்கும், ஆகவே கீழ்த்தட்டில், கால் தட்டாத மூலையில் வையுங்கள். மணிகள் முழுக்கக் கரைந்ததும் மாற்ற வேண்டும். வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிரம்பினால், ஈரத் துணி எதையோ உள்ளே வைத்திருக்கிறீர்கள்.

அந்துருண்டை போடாதீர்கள். அது பூச்சிக்குத்தான், பூஞ்சணத்தை நிறுத்தாது, அதன் வாடையை மறைக்க மட்டும் செய்யும். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் சின்ன அறையில் அந்த ஆவியை இரவு முழுக்கச் சுவாசிப்பதும் நல்லதல்ல.

பூஞ்சணம் ஏற்கெனவே வந்திருந்தால் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், அறை முழுக்கப் பரவும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே மின்விசிறியைத் திருப்பி உலர விடுங்கள். பிளீச் போடுவதானால் வினிகரோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். சுவரில் வண்ணம் உப்பிப் பெயர்ந்திருந்தால் உள்ளே குழாய் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அது துடைத்துப் போகாது, ஓனர்தான் பார்க்க வேண்டும்.

துணி காயப்போடுவது

ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். ஒரு வாளித் துணி காய்ந்தால் அதிலிருந்த தண்ணீரெல்லாம் அறைக் காற்றில்தான் கலக்கிறது. அது போய் உட்காரும் இடம் குளிர்ந்த சுவர். சமையலறைப் பக்கம் இருக்கும் கம்புகளில் உங்களுக்கு எந்த நாள் என்று ஆன்ட்டியிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் என்று வேறு வழியே இல்லாவிட்டால், ஜன்னலைச் சாத்தி, ஏசியை டிரை மோடில் போட்டு, மின்விசிறி நேராகத் துணியில் படும்படி மாட்டுங்கள்.

வெளிச்சமும் நம் பொருள்களும்

இவ்வளவு செய்தபின் அறை சுத்தமாக இருக்கும், ஆனால் யாருடைய அறை என்று தெரியாது. இரண்டாவது வார இறுதியை இதற்கு வைத்தோம்.

கூரையில் இருக்கும் வெள்ளை டியூப் லைட் ஆஸ்பத்திரி வெளிச்சம் தரும். அதைக் கழற்ற வேண்டாம். 2700 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் பல்பு ஒன்றை வாங்கி, ஒரு சின்ன மேசை விளக்கில் போட்டு, உட்கார்ந்தால் கண்ணுக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள். ஏழு மணிக்கு மேல் அது மட்டும் எரியட்டும். 400, 500 லூமென் போதும். ஊரிலிருந்து கொண்டு வந்த விளக்கின் வட்டமுனைப் பிளக்கை இங்குள்ள சதுர ஓட்டைக்குள் பேனாவை விட்டுத் திறந்து செருகும் வேலை வேண்டாம். பிடிமானம் இல்லாமல் சூடேறும். மின்னழுத்தம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், சரியான அடாப்டர் மட்டும் போதும்.

சுவரில் ஒட்டும் கொக்கிக்கு முன் விரலால் சுவரைத் தேயுங்கள். வெள்ளைத் தூள் விரலில் ஒட்டினால் எந்தக் கொக்கியும் நிற்காது. தூள் வராவிட்டால், ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, கொக்கியை அரை நிமிடம் அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடையை மாட்ட வேண்டும். எடுக்கும்போது பட்டையைச் சுவரோடு ஒட்டினாற்போல் நேராகக் கீழே இழுங்கள். நம் பக்கம் இழுத்தால் பெயிண்ட் கையோடு வந்துவிடும்.

என்ன மாட்டுவது என்பது உங்கள் மனது. ஆனால் இந்த ஊர்க் காற்றைத் தாங்குவதாக இருக்கட்டும். கண்ணாடி ஃப்ரேமுக்குள் புகைப்படம் நேராகக் கண்ணாடியில் படும்படி இருந்தால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது முகமே உரிந்துவிடும். நடுவில் அட்டை வைத்த ஃப்ரேம் வாங்குங்கள், இல்லையென்றால் கயிறு கட்டிக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். தம்பி தாத்தா, பாட்டியின் கல்யாணப் படத்தின் நகலைத்தான் கொண்டு வந்தான். அசல் ஊரிலேயே இருக்கிறது. அது நல்ல முடிவு.

கட்டிலுக்குச் சித்தியின் பழைய சுங்குடிப் புடவை. கடையில் எவ்வளவு விலைக்கு விரிப்பு வாங்கினாலும் இது ஆகாது. மெல்லிய பருத்தி, துவைத்தால் அரை நாளில் காய்ந்துவிடும், இரண்டாக மடித்தால் மெத்தையை மூடும், நிறம் அறைக்கே வெளிச்சம் தருகிறது. தரையில் பவானி ஜமுக்காளம். அது கனமான பருத்தி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் வாரம் ஒருமுறை கம்பில் போட வேண்டும். பஞ்சு நிறைத்த தடித்த மிதியடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அடியில் வேர்த்துத் தரையே நாறும்.

சாமி படத்துக்கு மேசையின் வலது மூலை. எண்ணெய் விளக்குக்குப் பதில் பேட்டரி விளக்கு. ஊதுபத்தியை அறைக்குள் ஏற்றினால் ஏசி அந்தப் புகையைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பும், ஆன்ட்டியிடம் கேட்டு ஹாலில் ஏற்றிக்கொள்கிறான். விபூதியும் குங்குமமும் ஈரத்தில் கட்டி தட்டும், இறுக மூடும் சின்ன டப்பாவில் வையுங்கள். வெள்ளிக்கிழமை தேக்காவில் பஃபலோ சாலைப் பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை. மறுநாள் காலை எடுத்துவிட வேண்டும், அழுகினால் படத்தின் ஓரம் கறுக்கும். மணி பிளான்ட் வைப்பதானால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றுங்கள், டெங்கிக் கொசு தேங்கிய நீரில்தான் முட்டையிடும். தொட்டியை ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள். கீழே விழுந்தால் யார் தலையிலாவது விழும்.

டிசம்பர் வந்தால்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் டிசம்பர், ஜனவரியில் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வெயிலே இல்லாமல் பெய்யும். மேற்கு ஜன்னலில் மாலை வெயில் விழும்போது செருப்பையும் பெல்ட்டையும் காய வைத்த வழக்கம் அந்த நாள்களில் நடக்காது. தம்பியின் மானி ஒரே நாளில் 67-இலிருந்து 76-க்கு ஏறியது. அவன் ஆன்ட்டியிடம் மானியைக் காட்டி, அந்த வாரம் மட்டும் மாலையில் இரண்டு மணி நேரம் ஏசியை டிரை மோடில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான், கூடுதல் கரண்டுக்குத் தான் தருவதாகவும் சொன்னான். ஆன்ட்டி காசு வாங்கவில்லை. தன் அறை அலமாரியிலும் அந்த மானியை ஓர் இரவு வைத்துப் பார்க்கக் கேட்டார். காலையில் 83 இருந்தது. அன்று மாலையே இரண்டு பேரும் சேர்ந்து ஆன்ட்டியின் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அளவு முன்னால் இழுத்து வைத்தார்கள்.